வாரச் சமையலைத் திட்டமிட்டுப் பட்டியல் போட்டு வாங்கியும் காய்கறி வீணாவது ஏன்?

மீனாட்சி, டோம்பிவிலி – ஜூன் முதல் வாரம், சனி இரவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், மாமியார் என நான்கு பேர் இருக்கிறோம். நானும் கணவரும் காலை ஏழரை மணிக்கு மேல் வீட்டில் நிற்க முடியாது. அதற்குள் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் கட்டியாக வேண்டும். தாதரில் ரயில் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை "நாளைக்கு என்ன சமைப்பது" என்ற ஒரே கேள்வியைத் தினமும் சுமந்துகொண்டு வருவது சலித்துப்போய், ஐந்து வாரங்களுக்கு முன் வாராந்தரத் திட்டம் போடத் தொடங்கினேன். வெள்ளி இரவு ஏழு நாளைக்கும் மூன்று வேளைச் சமையலையும் நோட்டில் எழுதுவேன். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடிந்ததும் மாட்டுங்காவில் இறங்கி, பட்டியல்படி எல்லாவற்றையும் வாங்கிவிடுவேன்.

அந்தக் கேள்வி உண்மையாகவே போய்விட்டது. ஆனால் குப்பையில் போடுவது முன்பைவிட அதிகமாகிவிட்டது. இன்று ஃபிரிட்ஜைத் துடைத்தபோது எறிய வேண்டியவற்றை எடை போட்டுக் குறித்துவைத்தேன். மேத்தி ஒரு முழுக் கட்டு மஞ்சளாகி அழுகியிருந்தது. முட்டைக்கோஸில் பாதி, 400 கிராம். பீன்ஸ் 150 கிராம். ஒரு தேங்காய் மூடி பிசுபிசுத்துப் போயிருந்தது. கொத்தமல்லிக் கட்டில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. இட்லி மாவு ஒரு பெரிய கிண்ணம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. இவை தவிர, திங்களும் வியாழனும் மிஞ்சிய சாம்பார்.

ஏழு நாளைக்கு ஏழு காலைக் காய், இரவுக்கு வேறு ஏழு என்று ஒன்றுகூடத் திரும்பி வராமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். மேத்தி வியாழனுக்கு, கோஸ் செவ்வாய்க்கு, பீன்ஸ் ஞாயிறுக்கு. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

செல்வம், தாராவி

சகோதரி, நீங்கள் மாட்டுங்காவில் வாங்குவதுதான் செலவு. எங்கள் பக்கத்தில் இரவு எட்டரைக்கு மேல் தள்ளுவண்டிக்காரர்கள் மிச்சத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ஐந்து பேர். எங்கள் ஃபிரிட்ஜ் சிறியது. பாலும் மாவும் வைத்தால் நிறைந்துவிடும். என் மனைவி அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குவாள், கால் கிலோ என்றால் கால் கிலோதான். எங்கள் வீட்டில் காய் அழுகி நான் பார்த்ததில்லை. வாரத்திற்கு மொத்தமாக வாங்குவதை நிறுத்தினாலே பாதி பணம் மிஞ்சும்.

மீனாட்சி, டோம்பிவிலி

செல்வம் அண்ணா, விலை என் கேள்வி இல்லை. நான் வீடு வந்து சேர எட்டே கால் ஆகிவிடும். அதற்குமேல் கடைக்குப் போய், அங்கே நின்று என்ன வாங்குவது என்று யோசிக்கும் வேலையைத்தான் விட நினைக்கிறேன். வாரம் ஒருமுறைதான் வாங்குவேன் என்பதை வைத்துக்கொண்டு, வீணாவதை எப்படிக் குறைப்பது என்பதே என் கேள்வி.

கார்த்திக், பொவாய்

இதற்கு விடை எளிது. காய்கறி அழுகுவதற்கு முன் சமைத்துவிட்டால் அழுகாது. நான் தனியாக இருக்கிறேன். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி நேரத்தில் வாரத்திற்கு வேண்டிய சாம்பார், இரண்டு பொரியல், சோறு எல்லாவற்றையும் செய்து டப்பாக்களில் பிரித்து, தேதி எழுதி அடுக்கிவிடுவேன். பாதியை உறைய வைப்பேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் எழுதி, எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வருவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் வீணாவதற்குக் காரணம். நீங்களும் ஞாயிறு ஒரு நாளை ஒதுக்கிப் பாருங்கள்.

ராமநாதன், முலுண்ட்

மீனாட்சி அம்மா, நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் 22 வருடம் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன். மறுநாளைக்கு எவ்வளவு காய் வெட்டுவது, எவ்வளவு பருப்பு வெளியே எடுப்பது என்று இண்டென்ட் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. நீங்கள் எறிந்ததை எடை போட்டுக் குறித்தது மிக நல்ல காரியம். அந்தப் பட்டியலிலேயே விடை இருக்கிறது, அதனால் அதையே பார்ப்போம்.

நீங்கள் எறிந்த பொருள்களில் முழுதாகப் போனது மேத்தி ஒன்றுதான். மற்ற எல்லாம் ஒன்றின் மீதிப் பாதி. கோஸில் பாதி, தேங்காயில் ஒரு மூடி, கொத்தமல்லியில் பாதி, அரை கிலோ பீன்ஸில் மிஞ்சிய கொஞ்சம். சமையலுக்கு நமக்கு வேண்டிய அளவு வேறு, கடையில் கிடைக்கும் அளவு வேறு. 800 கிராம் கோஸை நான்கு பேர் ஒரு வேளையில் தின்றுவிட முடியாது. செவ்வாய்க்கு கோஸ் பொரியல் என்று எழுதினீர்கள். அதன் மீதிப் பாதிக்கு எந்த நாள் என்று எழுதவில்லை. "ஒரு காய் இரண்டு தடவை வரக் கூடாது" என்று நீங்கள் வைத்துக்கொண்ட விதியால் அந்தப் பாதிக்குத் திட்டத்தில் இடமே இல்லாமல் போய்விட்டது. பதினான்கு விதக் காய் வாங்கினால் பதினான்கு மீதிகள் வரும். வாரத்திற்கு ஆறு அல்லது ஏழு காய் போதும். பெரிய காய் எதுவானாலும் பட்டியலில் எழுதும்போதே அதற்கு இரண்டு நாள் குறித்துவிட வேண்டும். இரண்டாவது நாள் வேறு பக்குவமாக இருந்தால் வீட்டில் யாருக்கும் சலிக்காது.

மேத்தி போனதற்குக் காரணம் நாள். சனிக்கிழமை வாங்கிய கீரை வியாழன்வரை நிற்காது. மழை தொடங்கிவிட்டால் கீரை கடைக்கு வரும்போதே நனைந்து வருகிறது. இரண்டு நாள் தாங்கினாலே பெரிது. ஆகவே ருசியைப் பார்த்து நாளைத் தீர்மானிக்காமல், எது முதலில் கெடும் என்று பார்த்துத் தீர்மானியுங்கள். கீரை ஞாயிறும் திங்களும், வெண்டை, பீன்ஸ், கத்தரி அடுத்த இரண்டு நாள், கோஸ், கேரட், முருங்கைக்காய் அதற்குப் பிறகு, சேப்பங்கிழங்கு, சேனை, உருளை கடைசியில். வெட்டாத கோஸ் பத்து நாள்கூட நிற்கும். வாரக் கடைசியில் இப்படிப்பட்ட காயை வைத்தால், ஒரு நாள் சமைக்க முடியாமல் போனாலும் அது அடுத்த வாரத்திற்குத் தள்ளிப்போகுமே தவிர, குப்பைக்குப் போகாது.

கார்த்திக் தம்பி சொன்னதில் கதவில் ஒட்டும் தாளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மொத்தமாகச் சமைத்து வைப்பது நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தேங்காய் சேர்த்த பொரியல் எல்லாவற்றுக்கும் முன்னால் கெட்டுப்போகும். சாம்பாரை உறைய வைத்தால் அதிலுள்ள உருளை மணல்மணலாகிவிடும். வெறும் பருப்பு வேகவைத்து உறைய வைத்தால் நன்றாக இருக்கும். புளிக்கரைசலைச் சுண்டவைத்து எடுத்துவைத்தால் ஒரு வாரம் வரும்.

ரேவதி, செம்பூர்

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். கார்த்திக் எழுதியதில் சோறு என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் சோற்றிலும் சாவதில்லை. வெந்த சோறு வெளியே மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது; வாந்தியைக் கொடுக்கும். மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்திற்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிட வேண்டும். ஞாயிறு வடித்த சோற்றைப் புதன்கிழமைவரை வைத்துக்கொள்ளக் கூடாது. நல்ல வாசனை இருப்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் வீட்டு நிலைமை வேறு. எங்கள் வீட்டில் ஒரு சமையல்காரம்மா காலையில் ஆறரைக்கு வருவார். வந்ததும் "ஆஜ் க்யா பனாவூ?", அதாவது இன்று என்ன சமைக்கட்டும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் வாரப் பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவருக்கு இந்தி படிக்கத் தெரியும், அதனால் இந்தியில் எழுதினேன். கேள்வி நின்றது, மிச்சம் மட்டும் குறையவில்லை. பார்த்தால், நான் என்ன சமைப்பது என்று எழுதியிருந்தேனே தவிர, எவ்வளவு என்று எழுதவில்லை. அவர் வேலை பார்க்கும் மற்ற வீடு ஒன்றில் எட்டுப் பேர். அந்தக் கைப்பழக்கத்திலேயே எங்கள் மூன்று பேருக்கும் பருப்பு போட்டுக்கொண்டிருந்தார். இப்போது பருப்பு டப்பாவுக்குள்ளேயே ஒரு சிறு கிண்ணம் போட்டுவைத்து, தாளில் "ஒரு கிண்ணம்" என்று எழுதுகிறேன். மீனாட்சியின் சாம்பார் மிஞ்சுவதற்கும் இதுவே காரணமாக இருக்குமோ?

மீனாட்சி, டோம்பிவிலி

ராமநாதன் ஐயா, படித்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கோஸும் பூசணியும் ஒவ்வொரு வாரமும் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கின்றன.

ரேவதி அக்கா கேட்டதற்குப் பதில்: நான் எப்போதும் சாம்பாருக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு போடுவேன், இரவு இட்லிக்கும் ஆகட்டும் என்று. ஆனால் இரவில் மகன் சட்னிதான் கேட்பான், நானும் அரைத்துவிடுவேன். சாம்பார் நின்றுவிடும். அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் என் மாமியார் முதல் நாள் சமைத்ததைச் சாப்பிட மாட்டார். அவருக்கு 74 வயது. பழையது என்றால் தொடமாட்டார். அவரை மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மீதியை மறுநாள் தீர்க்கும் திட்டம் எதுவானாலும் அவருக்குத் தனியாகச் சமைக்க வேண்டியதாகிறது. இதற்கு என்ன செய்வது?

இன்னொன்று, மாவு. வாரம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து டம்ளர் அரிசிக்கு அரைக்கிறேன். புதனுக்குள் புளித்துவிடுகிறது.

ராமநாதன், முலுண்ட்

உங்கள் மாமியார் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். அவர் வேண்டாம் என்பது சமைத்து மிஞ்சியதை. வெட்டாத காயை அல்ல. அப்படியானால் உங்கள் வீட்டில் மீதி என்பது எப்போதும் பச்சையாகவே மிஞ்ச வேண்டும், சமைத்து மிஞ்சக் கூடாது. காலைச் சாம்பார் இரவுக்கும் உண்டா என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். இரவுக்கு இல்லை என்றால் அரை டம்ளர் பருப்பு, உண்டு என்றால் முக்கால். இரவுக்குச் சாம்பார் என்று எழுதிய நாளில் சட்னி அரைக்காதீர்கள். இதற்குமேல் மிஞ்சும் ஒரு கரண்டிக்கு என்ன வழி என்று எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் நானே குடித்துவிடுவேன்.

மாவுக்கு மூன்று டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் உளுந்து போதும். இந்த ஜூன் மாதப் புழுக்கத்தில் ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் அப்போதே புளித்திருக்கும். காலையில் அரைத்து, பொங்கியதும் இரண்டு பாத்திரமாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றை எடுத்துப் பயன்படுத்தும்போது மற்றது வெளியே வரக் கூடாது. ஒரே பாத்திரத்தைத் தினமும் வெளியே எடுத்துக் கரண்டி விட்டு மறுபடி உள்ளே வைப்பதால்தான் புதனுக்குள் கெடுகிறது.

தேங்காயை உடைத்ததும் கண் உள்ள மூடியை முதலில் துருவுங்கள்; அதுதான் சீக்கிரம் கெடும். மற்ற மூடியையும் அன்றே துருவி, ஒரு வேளைக்கு ஒரு பிடி என்று சின்னச் சின்னப் பொட்டலமாக உறைய வைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கே ஒரு வாரம் எழுதிப் பார்க்கிறேன். பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முளைக்கீரை மசியலும் வத்தக்குழம்பும், இரவு புது மாவில் இட்லி. திங்கள் மேத்தி போட்ட சாம்பார், உருளை வறுவல், இரவு தோசை. செவ்வாய் பீன்ஸ் பொரியல், ரசம். உங்கள் நான்கு பேருக்கு 400 கிராம் பீன்ஸ் போதும், வாங்குவது அரை கிலோ. மீதி 100 கிராமை வெட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு, மூடிமேல் "வெள்ளி" என்று எழுதிவிடுங்கள். புதன் கோஸில் பாதி பொரியல், இரவு இரண்டாம் பாத்திர மாவில் ஊத்தப்பம், அதோடு மாவு முடிந்தது. வியாழன் சேப்பங்கிழங்கு வறுவலும் மோர்க்குழம்பும், இரவை ஒன்றும் எழுதாமல் விடுங்கள். வெள்ளி கோஸின் மறுபாதி, அந்த 100 கிராம் பீன்ஸ், இரண்டு கேரட், உறைய வைத்த தேங்காய் எல்லாம் சேர்ந்து குருமா, சப்பாத்தி. சனி வத்தல், அப்பளம், பருப்புத் துவையல். சனிக்குக் காயே வாங்க வேண்டாம், ஏனென்றால் அன்று நீங்கள் கடைக்குப் போகும் நாள். ஃபிரிட்ஜ் காலியாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து பட்டியல் எழுதும்போது முதலில் வெள்ளி இரவு ஃபிரிட்ஜைத் திறந்து, இருப்பதை எழுதுங்கள். நிறையப் பேர் திட்டத்தை எழுதிவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜைப் பார்ப்பார்கள். அப்போது இருக்கும் காய்க்குத் திட்டத்தில் இடம் இருக்காது. இருப்பதை வைத்து இரண்டு நாளைச் சமையலை நிரப்பி, மற்ற நாளுக்கு மட்டும் வாங்குங்கள். பட்டியலில் "பீன்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள். "பீன்ஸ் அரை கிலோ, செவ்வாய் 400, வெள்ளி 100" என்று எழுதுங்கள். கடைக்காரர் "ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லும்போது அந்த வரிதான் உங்களுக்கு விடை சொல்லும்.

கீரையை வாங்கிவந்ததும் கழுவாமல், வேரை மட்டும் வெட்டி, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும்.

கார்த்திக், பொவாய்

ரேவதி அக்கா, சோறு விஷயத்தில் நான் தவறாகச் செய்துவந்தேன் என்று இப்போது புரிகிறது. போன மாதம் ஒரு நாள் காரணம் தெரியாமல் வாந்தி எடுத்தேன். அதுதானா என்று சொல்ல முடியாது என்றாலும், சோற்றை அன்றன்றைக்கு வடிக்கத் தொடங்கிவிட்டேன். மற்றவற்றை மொத்தமாகச் சமைப்பதை விடுவதாக இல்லை. என்னைப் போல இரவு பத்து மணிக்கு வீடு வருபவனுக்கு வெட்டாத காய் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை. வீட்டில் சமைத்தது இல்லை என்றால் வெளியே வாங்கிவிடுவேன், அப்புறம் அந்தக் காயும் அழுகும்.

ராமநாதன், முலுண்ட்

தனியாக இருக்கும் உங்களுக்கு அது சரிதான், தம்பி. நான் நான்கு பேர் வீட்டைப் பற்றித்தான் சொன்னேன்.

செல்வம், தாராவி

இப்போதுதான் கேள்வி எனக்குச் சரியாகப் புரிந்தது. நான் விலையைப் பற்றிப் பேசிவிட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் புதன், வெள்ளி, ஞாயிறு மீன் சாப்பிடுகிறவர்கள். மீனை வாரத்திற்கு முன்பே எப்படி எழுதுவது? மார்க்கெட்டில் போய்ப் பார்த்தால்தான் பாங்டாவா, மாந்தேலியா என்று தெரியும். அதிலும் இப்போது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஐஸில் வைத்த மீன்தான் வருகிறது, விலையும் கூடுதல். இந்த இரண்டு மாதம் என் மனைவிக்கும் தினமும் இதே யோசனைதான்: மீன் இல்லாத நாளில் என்ன செய்வது?

ரேவதி, செம்பூர்

நாங்களும் மீன் சாப்பிடுகிறவர்கள்தான். நான் திட்டத்தில் மீனின் பெயரை எழுதுவதில்லை, "மீன்" என்று கட்டத்தை மட்டும் விடுவேன். அதே கட்டத்தில் கீழே, மீன் சரியில்லை என்றால் என்ன என்று ஒன்றை எழுதிவிடுவேன். புதன் முட்டைக் குழம்பு, வெள்ளி கருவாட்டுக் குழம்பு. இரண்டும் வீட்டில் இருப்பில் இருக்கும் பொருள் என்பதால் மீன் கிடைத்த வாரம் அவை கெட்டுப்போகாது. புளிக்கரைசலும் அரைத்த மசாலாவும் மீனுக்கும் முட்டைக்கும் ஒன்றுதான். மார்க்கெட்டில் நின்று முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் மீன், பழுப்பாக இருந்தால் முட்டை.

மீனாட்சி, டோம்பிவிலி – மூன்று வாரங்கள் கழித்து

நடந்ததை எழுதுகிறேன். முதல் வாரம் ராமநாதன் ஐயா எழுதியதை அப்படியே பின்பற்றினேன். எறிந்தது கொத்தமல்லியில் ஒரு கைப்பிடியும், இரண்டு கரண்டி சாம்பாரும்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை பெருமழையில் ரயில் நின்றுவிட்டது. கணவர் இரவு ஒரு மணிக்கு வந்தார். நான் தாணேயில் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டேன். மாமியாரும் மகனும் இட்லி சாப்பிட்டுவிட்டார்கள். செவ்வாய்க்குரிய பீன்ஸ் புதனுக்குப் போனது. புதனுக்குரிய கோஸை நான் இன்னும் வெட்டவில்லை என்பதால், அதை முழுதாகவே அடுத்த வாரத்திற்கு எடுத்துவைத்தேன். முன்பு இப்படி ஒரு நாள் தவறினால் அந்த வாரம் முழுவதும் குழம்பிவிடும். இந்தத் தடவை நோட்டில் ஒரு அம்புக்குறி போட்டதோடு சரி. வெள்ளிக் குருமாவுக்கு மட்டும் கோஸ் இல்லாமல் போக, உருளையைப் போட்டேன்.

சரிவராததையும் சொல்ல வேண்டும். ஒன்றும் எழுதாமல் விட்ட வியாழன் இரவு எங்கள் வீட்டில் மீதி தீர்க்கும் நாளாக மாறவில்லை. மூன்றில் இரண்டு வியாழன் வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிட்டோம். மாமியாருக்கு ரவை உப்புமா செய்தேன். அந்த இரவை வைத்துக்கொள்வதா, கிச்சடி என்று எழுதி நிரப்பிவிடுவதா என்று இன்னும் யோசிக்கிறேன்.

மாவு இப்போது கெடுவதில்லை, ஆனால் புதன் ஊத்தப்பத்திற்குப் போதவில்லை. மகன் திங்களன்றே ஆறு தோசை சாப்பிடுகிறான். மூன்றரை டம்ளர் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மட்டும் நான் எவ்வளவு குறைத்து வாங்கினாலும் மிஞ்சுகின்றன. காய் வாங்கும்போது கடைக்காரர் கொசுறாகக் கொடுப்பதே ஒரு வாரத்திற்கு மேல் வருகிறது.

ராமநாதன், முலுண்ட்

கறிவேப்பிலையை உருவி, துணியில் துடைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு உறைய வைத்துவிடலாம். தாளிக்கும்போது நேராக எண்ணெயில் போடுங்கள். நிறம் கறுத்தாலும் வாசனை நிற்கும். கொத்தமல்லிக்கு எனக்குத் தெரிந்த வழி, வாங்கிய மறுநாளே பாதியைத் துவையலாக அரைத்துவிடுவது. அதை ஞாயிறு இட்லிக்குச் சட்னியாக வைத்துவிட்டால் தனி நாள் தேட வேண்டாம்.

வியாழனுக்கு, கிச்சடி என்று எழுதுவதை நான் விரும்ப மாட்டேன். ஒரு வேளையாவது காலியாக இல்லையென்றால், யாராவது விருந்துக்குக் கூப்பிட்ட வாரத்தில் எதைத் தள்ளுவது? ஆனால் நீங்கள் இரவு எட்டே காலுக்கு வந்து நிற்பதை நான் அனுபவித்ததில்லை. என் வீட்டில் சமைப்பவரும் நான் இல்லை.

ரேவதி, செம்பூர்

நான் எழுதி நிரப்புவதையே விரும்புவேன், மீனாட்சி. ஆனால் அரிசியும் பாசிப்பருப்பும் மட்டும் வேண்டியதாக எழுதுங்கள். காய் எதுவும் வாங்கப்படாத ஒரு சமையலை எழுதினால், அதைச் செய்யாமல் விட்டாலும் நட்டம் இல்லை.

செல்வம், தாராவி

என் மனைவி மூன்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டாள்: புதன், வெள்ளி, ஞாயிறு. மற்ற நாளுக்கு அவள் வண்டியில் பார்த்துத்தான் வாங்குவேன் என்கிறாள், அதை நானும் மாற்றச் சொல்லவில்லை. மூன்று நாள் யோசனை இல்லாமல் போனதே நிம்மதி என்கிறாள். போன வெள்ளி மீன் செவுள் பழுப்பாக இருந்தது, அன்று கருவாட்டுக் குழம்பு. ஆகஸ்டில் படகுகள் போய்ப் புது மீன் வரத் தொடங்கியதும் அந்தக் கட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று இங்கேயே எழுதுகிறேன்.